கேட் ஏன் தரையைத் தேய்க்கிறது?

முடிச்சூர், மாடம்பாக்கம் பக்கம் புதிதாக எழுந்த வீடுகளின் போர்டிகோவில், சிமெண்ட் தரைமேல் கால்வட்டமாக ஒரு கீறலைப் பார்க்கலாம். தொங்கிப்போன கேட் போட்ட கோடு அது. சில வீடுகளில் கேட்டை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தால்தான் தாழ்ப்பாள் விழும். பழி பெரும்பாலும் வெல்டர் மேல் போகிறது. ஆனால் தவறு பல நேரம் அவர் வருவதற்கு முன்பே, தூண் எழும்பும்போதே நடந்துவிடுகிறது.

கணக்கு எளிதானதுதான். கார் நுழைய 12 அடி வாசல், அதற்கு ஆறு அடியில் இரண்டு கதவுகள், உயரம் ஐந்து அடி என்று வைத்துக்கொள்வோம். 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பியை நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தினால் ஒரு கதவுக்குப் பதினேழு கம்பி வேண்டும். அதுவே சுமார் 29 கிலோ. சட்டத்தையும் அடித்தகட்டையும் சேர்த்தால் ஒரு கதவு 70 கிலோவை எட்டும். இந்த எடை தூணிலிருந்து மூன்று அடி தள்ளித் தொங்குகிறது. மேல்கீலுக்கும் கீழ்க்கீலுக்கும் இடையே நான்கு அடி இருந்தால், மேல்கீல் தூணை ஐம்பது கிலோவுக்குச் சற்று மேலான விசையோடு வாசல் பக்கம் இழுக்கும். கீழ்க்கீல் அதே அளவு விசையோடு தூணை அழுத்தும். இரவும் பகலும் இந்த இழுப்பு ஓயாது.

இதையே 12 அடியில் ஒற்றைக் கதவாகச் செய்தால் எடை இரண்டு மடங்கு, தொங்கும் தூரமும் இரண்டு மடங்கு. மேல்கீலின் இழுப்பு நான்கு மடங்காகி 210 கிலோவாகிறது. அகல வாசலுக்கு இரட்டைக் கதவோ தண்டவாளத்தில் ஓடும் கதவோ போடுவதற்குக் காரணம் இதுதான்.

செங்கல் தூண் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. காம்பவுண்ட் சுவரோடு சேர்த்துக் கட்டிய செங்கல் தூணில் கேட்டை மாட்டினால், கீல் இருக்கும் உயரத்தில் படுக்கைவாட்டில் விரிசல் விடும். கேட் தூணுக்குள் நான்கு 12 மில்லிமீட்டர் கம்பிகள், ஆறு அங்குலத்துக்கு ஒரு வளையம் என்று கட்டி, ஒன்பது அங்குல காங்கிரீட் தூணாக நிறுத்த வேண்டும். தரைக்குக் கீழே மூன்று அடியில் அதற்கென்று தனி அஸ்திவாரம் வேண்டும்; களிமண் நிலத்தில் இன்னும் ஆழம் போக வேண்டியிருக்கும். இரண்டு தூண்களையும் தரைக்கடியில் ஒரு பெல்ட் காங்கிரீட் இணைத்துவிட்டால் ஒன்றை நோக்கி ஒன்று சாய முடியாது. கீலைத் தாங்கும் இரும்புத் தகட்டைக் கால்களோடு காங்கிரீட் போடும்போதே புதைத்துவிடுவது நல்லது. பிறகு கொத்திவிட்டுக் கலவை அடைத்தால் அந்த இடம்தான் முதலில் ஆட்டம் காணும்.

தொங்கிய கேட்டில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு தூக்குக்குண்டும் டேப்பும் போதும். தூண் செங்குத்தாக இல்லையென்றால் அஸ்திவாரம் இளகியிருக்கிறது. தூண் நேராக இருந்தால் கதவின் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவுகளையும் பார்க்க வேண்டும். அவை சமமாக இருந்தால் சட்டம் கெடவில்லை, கீல் தேய்ந்திருக்கும் அல்லது கழன்றிருக்கும். சமமில்லை என்றால் சட்டமே கோணிவிட்டது. அப்போது மேல்கீல் பக்க மூலையிலிருந்து எதிர்ப்பக்கக் கீழ்மூலைக்கு ஒரு பட்டையை, சட்டத்தை நேராக்கிய பிறகு, பற்றவைக்க வேண்டும். அது இழுத்துப் பிடிக்கும். எதிர்த்திசையில் வைத்த மெல்லிய பட்டை வளைந்துபோகும்.

கம்பிகள் செங்குத்தாக இருப்பதே நல்லது. படுக்கைக் கம்பிகள் அடுக்கிய நவீன கேட் பார்க்க அழகு, ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு அது ஏணி. மேலே சொன்ன அளவில் இரண்டு கம்பிக்கு நடுவே மூன்றரை அங்குலம்தான் இருக்கும், குழந்தையின் தலை நுழையாது. குட்டிநாய் மட்டும் நுழையப் பார்க்கும். அதற்காகத்தான் கீழே இரண்டடித் தகடு.

தூண் நேராக, கதவு கோணாமல் இருந்தும் கேட் தரையில் முட்டினால், குற்றம் சரிவுடையது. சாலை உயர்ந்துகொண்டே போவதால் புறநகரில் போர்டிகோவை ஒரு அடியாவது உயர்த்திக் கட்டுகிறார்கள். வாசலிலிருந்தே சரிவு ஏறத் தொடங்கினால், உள்பக்கம் திறக்கும் ஆறடிக் கதவு பாதியிலேயே முட்டும். முட்டாமலிருக்க அடியில் பெரிய இடைவெளி விட்டால் பூனை, நாய் எல்லாம் வரும். கதவு சுழலும் ஆறு அடியைச் சமதளமாக விட்டு, அதற்கு அப்பால் சரிவைத் தொடங்குவதுதான் வழி. அந்த நீளம் இல்லாத சின்ன மனைக்குத் தண்டவாளக் கதவு பொருத்தம், அதற்குப் பக்கச் சுவரோரம் கதவு அகலத்துக்கு இடம் வேண்டும்.

தூண் விளக்குக்கான பி.வி.சி. குழாயும் காங்கிரீட்டுக்கு முன்பே உள்ளே போக வேண்டும். மறந்தால் வயர் வெளியே தொங்கும், மழையில் நனையும், வெயிலில் வெடிக்கும். தூண் தலையில் நிற்கும் விளக்கு, மழைத் தாரையைத் தாங்கும் ஐ.பி. 65 தரத்தில் இருக்கட்டும். உலோக விளக்குக்கும் இரும்பு கேட்டுக்கும் எர்த் கொடுத்து, அந்த இணைப்பை 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக எடுக்க வேண்டும். ஈரக் கையோடு கேட்டைத் தொடுபவருக்கு அதுதான் பாதுகாப்பு. அந்தப் பெட்டியில் ‘டெஸ்ட்’ பொத்தான் இருக்கும். அழுத்தியதும் மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மழைக்காலத்துக்கு முன் அதை மாற்றிவிட வேண்டும்.