நேராகக் கேட்கப் பழகும் செவிலியர்கள்

"தப்பா எதுவும் நினைக்கலையே அக்கா?" மனநலச் செவிலியர் பாடத்தின் ஒத்திகை வகுப்பில் மாணவிகளுக்கு முதலில் வாயில் வருவது பெரும்பாலும் இந்தக் கேள்விதான். 'இல்லை' என்ற பதிலையும் அது தன்னோடு சேர்த்தே கொண்டுவருகிறது. நோயாளியாக நடிக்கும் தோழியும் "இல்லம்மா" என்று தலையாட்டிவிடுவார். நிஜ வார்டிலும் அதுவே நடக்கும், ஆபத்தில் இருப்பவர் கண்ணில் படாமலே போய்விடுவார்.

நேராகக் கேட்கத் தயங்குவதற்குக் காரணம் ஒரு பயம். இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டால் என்ன செய்வது? 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைச் சோதித்தது. நியூயார்க் மாநிலத்தின் ஆறு பள்ளிகளைச் சேர்ந்த 2,342 மாணவர்களில் ஒரு பிரிவினரிடம் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது, கேட்கப்பட்டவர்களிடம் மன வேதனையோ அந்த எண்ணமோ கூடியிருக்கவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களின் வேதனை, கேட்டதால் சற்றுக் குறைந்தே இருந்தது.

எனவே கேட்பதில் தவறில்லை. எப்படிக் கேட்பது என்பதைத்தான் பழக வேண்டும். பயிற்சிக்காகப் புனைந்த ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். விவசாயக் குடும்பம், முப்பத்தைந்து வயதுப் பெண், தீராத வயிற்று வலி, தூக்கமில்லை. கட்டிலருகே மாமியார் நிற்கிறார். அவர் இருக்கும்வரை உண்மை வெளிவராது. "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க, நான் கூப்பிடுறேன்" என்று அனுப்பிவைப்பதுதான் முதல் வேலை.

பிறகு படிப்படியாகப் போக வேண்டும். "இவ்வளவு வலியோட இருக்கிறவங்களுக்குச் சில நேரம் உயிரோட இருக்கவே வேணாம்னு தோணும். உங்களுக்கு அப்படித் தோணியிருக்கா அக்கா?" ஆமாம் என்றால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா, வழி யோசித்தாரா, செய்துவிட வேண்டும் என்ற முடிவு மனதில் இருக்கிறதா, முன்பு எப்போதாவது முயன்றாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். முடிவும் திட்டமும் இருந்தால், அல்லது அண்மையில் முயன்றிருந்தால், அவரைத் தனியே விடக் கூடாது. உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்வதும் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டியிருக்கும்.

நம் பயிற்சி நோயாளிக்கு எண்ணம் வந்துபோகிறது, முடிவு இல்லை. மருத்துவர் பார்த்து, வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார். அனுப்புவதற்கு முன் எழுத வேண்டியது பாதுகாப்புத் திட்டம். அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் வகுத்த ஆறு பகுதிகள் கொண்ட ஒற்றைத் தாள் அது. "இனி அப்படிச் செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்கும் பழைய வழக்கத்தால் பயன் இருந்ததாகச் சான்று இல்லை. வேகம் வரும் நேரத்தில் என்ன செய்யலாம் என்பதை இந்தத் தாள் சொல்கிறது.

முதல் பகுதி, ஆபத்து நெருங்குவதற்கான அடையாளம். 'மனச்சோர்வு' என்று மாணவி எழுதினால் ஆசிரியை அடித்துவிடுவார். "ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் நெஞ்சு அடைக்கும், நான் பாரம்னு தோணும்" என்று அவர் சொன்ன சொல்லே தாளில் இருக்க வேண்டும். அடுத்து, தனியாகச் செய்யக்கூடியது. கோயிலுக்குப் போவேன் என்கிறார். இரவு இரண்டு மணிக்குக் கோயில் திறந்திருக்குமா? "இதை அந்த நேரத்துல உங்களால செய்ய முடியுமா, எது தடையா இருக்கும்?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டால்தான் இது தெரியும். மாற்றிச் சொல்கிறார்: முகம் கழுவிவிட்டு, மாட்டுக்கொட்டகை விளக்கைப் போட்டு, கன்றோடு உட்காருவேன். அதை எழுதலாம்.

மூன்றாவதில் மனதை வேறு பக்கம் திருப்பும் ஆட்களும் இடங்களும், நான்காவதில் விஷயத்தைச் சொல்லி உதவி கேட்கக்கூடியவர்கள். யாரோடு சண்டையோ அவர் பெயரை வழக்கப்படி எழுதிவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. இவர் தன் தங்கையைச் சொல்கிறார். ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே செல்போன் இரவில் கணவரிடம். அதற்கும் வழி பேசித்தான் தாளை முடிக்க வேண்டும். ஐந்தாவதில் மருத்துவமனை எண்ணும், எந்நேரமும் இலவசமாக அழைக்கக்கூடிய அரசின் டெலி-மனாஸ் எண் 14416-உம் இடம்பெறும்.

ஆறாவது பகுதிதான் மிகக் கடினம், என் கணிப்பில் மிக முக்கியமும் அதுவே: ஆபத்தான பொருளை எட்டாத இடத்துக்கு மாற்றுவது. பல சமயம் அந்த வேகம் கொஞ்ச நேரமே நீடிக்கும். அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் உயிர் தப்பும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டைச் சென்னையின் ஸ்னேகா அமைப்பைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் செய்துபார்த்தது இந்த நம்பிக்கையில்தான். நம் பயிற்சி நோயாளியின் வீட்டிலும் மருந்து இருக்கிறது. "எடுத்து வெச்சிடுங்க" என்று பொதுவாகச் சொன்னால் நடக்காது. யார் எடுப்பார், எங்கே வைப்பார், எப்போது? அவர் சம்மதத்தோடு தங்கையை வரவழைத்துப் பேசுகிறார் மாணவி. இன்று மாலையே தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிடுவதாகத் தங்கை ஒப்புக்கொள்கிறார்.

தாள் மட்டும் போதாது. 2018-இல் வெளியான அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வில், திட்டம் எழுதி, பிறகு தொலைபேசியிலும் தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களிடம் அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த செயல்கள் ஏறத்தாழ 45 சதவீதம் குறைவாக இருந்தன. அதனால் வீட்டுக்குப் போன மூன்று நாளுக்குள் மாணவி தொலைபேசியில் கூப்பிட வேண்டும் என்பதும் ஒத்திகையில் உண்டு: தூக்கம் எப்படி, அந்த எண்ணம் வந்ததா, தாளில் எது உதவியது, தங்கை மருந்தை எடுத்துப் போனாரா. உதவாத வரியை அடித்துவிட்டு, அந்த அழைப்பிலேயே வேறொன்றைச் சேர்த்து எழுதுகிறார்கள்.