மண்டபத்தைப் பதிவெடுப்பதா, கணக்கில் கட்டுவதா?

இஸ்தான்புல்லின் ஹாகியா சோஃபியாவில் எழுப்பிய ஓர் ஒலி முழுதாக அடங்க ஏறக்குறைய 11 விநாடி ஆகும். 2010-இல் அந்தக் கட்டடம் அருங்காட்சியகமாக இருந்தது. உள்ளே பாட அனுமதி கிடையாது. ஆனால் அங்கே ஒரு காலத்தில் ஒலித்த பைசாந்தியப் பாடல்கள் அந்தக் குவிமாடத்தின் கீழ் எப்படிக் கேட்டிருக்கும் என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் கலை வரலாற்றாசிரியர் பிஸ்ஸெரா பென்ட்சேவாவுக்கும் ஒலியியல் ஆய்வாளர் ஜொனாதன் ஏபெலுக்கும் தெரிய வேண்டியிருந்தது. கட்டடத்துக்குள் பலூன்களை உடைத்து, அந்த வெடிச்சத்தத்தையும் அதைத் தொடர்ந்து வந்த நீண்ட முழக்கத்தையும் பதிவெடுத்தார்கள். 2013-இல் ஸ்டான்ஃபோர்டின் பிங் அரங்கில் கப்பெல்லா ரொமானா என்ற பாடகர் குழு பாடியது. மைக் வாங்கிய குரல்கள், அந்தப் பலூன் பதிவுகளிலிருந்து தயாரித்த கணக்குக்குள் புகுந்து, ஹாகியா சோஃபியாவின் முழக்கத்தோடு அரங்கில் ஒலித்தன.

ஒலிப்பொறியாளர்கள் இதைக் கன்வல்யூஷன் ரிவெர்ப் என்பார்கள். இதற்கு மாற்று அல்காரிதமிக் ரிவெர்ப். வீட்டில் பாட்டுப் பதிவு செய்பவரின் மென்பொருளில்கூட இன்று இரண்டும் இருக்கின்றன. முதலாவது அசல், ஆனால் கணினியைத் திணறடிக்கும். இரண்டாவது போலி, ஆனால் இலேசானது என்று சொல்லிவிடுகிறார்கள். இதில் பாதிதான் உண்மை. எந்தப் பாதி என்பது கணக்கைப் போட்டால் தெரியும்.

கணினி ஒலியை விநாடிக்கு 48,000 எண்களாக எடுத்து வைத்துக்கொள்கிறது. ஒவ்வோர் எண்ணும் ஒரு சாம்பிள். பாடகரிடமிருந்து வரும் ஒவ்வொரு சாம்பிளையும் ஒரு குட்டிப் பலூன் வெடிப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாம்பிளின் வலுவுக்கு ஏற்ப, பதிவெடுத்த முழக்கம் முழுவதையும் பெருக்கி வைக்க வேண்டும். அடுத்த சாம்பிளுக்கும் அப்படியே, ஒரு படி தள்ளி. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக விழும் அத்தனை முழக்கங்களின் கூட்டுத்தொகைதான் நாம் கேட்பது. பதிவெடுத்த அந்த முழக்கத்துக்கு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று பெயர்; ஸ்டூடியோ பேச்சில் ஐ.ஆர்.

11 விநாடி ஐ.ஆர். என்றால் 5,28,000 சாம்பிள். ஆக, வெளியே போகும் ஒவ்வொரு சாம்பிளுக்கும் 5,28,000 பெருக்கல். விநாடிக்கு 48,000 முறை. மொத்தம் விநாடிக்கு 2,534 கோடிப் பெருக்கல், அதுவும் ஒரே ஒரு சேனலுக்கு. இடப்பக்க மூலத்திலிருந்து இரு காதுக்கும், வலப்பக்க மூலத்திலிருந்து இரு காதுக்கும் என்று முழு ஸ்டீரியோ வேண்டுமென்றால் இதைப் போல நான்கு மடங்கு. கன்வல்யூஷனுக்கு வந்த கெட்ட பெயர் இங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் யாரும் அதை இப்படி நேரடியாகச் செய்வதில்லை. ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்துவிட்டால், மேலே சொன்ன நீண்ட கூட்டல் பெருக்கல் வரிசை எளிய பெருக்கலாகச் சுருங்கிவிடும். அப்படிப் பிரிக்கும் விரைவுவழிக் கணக்குக்கு எஃப்.எஃப்.டி. என்று பெயர். ஐ.ஆரை 512 சாம்பிள் துண்டுகளாக வெட்டி இந்த வழியில் போட்டால், ஒரு சாம்பிளுக்கான வேலை 5,28,000 பெருக்கலிலிருந்து நாலாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கிவிடுகிறது. இன்றைய சாதாரண மடிக்கணினிக்கு இது பெரிய சுமையே அல்ல.

விலை வேறிடத்தில் இருக்கிறது. 512 சாம்பிள் வந்து சேரும்வரை எஃப்.எஃப்.டி. தொடங்க முடியாது. அது 10.7 மில்லிவிநாடித் தாமதம். பதிவான பாட்டை மிக்ஸ் செய்யும்போது இதை யாரும் உணரப்போவதில்லை. மென்பொருளே மற்ற டிராக்குகளை அந்த அளவுக்குத் தள்ளி ஈடுகட்டிவிடும். ஹெட்போனில் தன் குரலைக் கேட்டபடி பாடுகிறவருக்கும் மேடையில் நிற்பவருக்கும்தான் தொல்லை. துண்டை 64 சாம்பிளாகக் குறைத்தால் தாமதம் 1.3 மில்லிவிநாடியாகும், வேலையோ ஒரு சாம்பிளுக்கு 33,000 பெருக்கலைத் தாண்டிவிடும். தாமதத்தை எட்டில் ஒன்றாக்க, வேலையை எட்டு மடங்காக்க வேண்டியிருக்கிறது.

இந்த முடிச்சை வில்லியம் கார்ட்னர் 1995-இல் வெளியான கட்டுரையில் அவிழ்த்தார். ஐ.ஆரின் தொடக்கத்தைச் சிறு துண்டுகளாகவும், போகப் போகப் பெரிய துண்டுகளாகவும் வெட்டுவது அவர் வழி. பின்னால் வரவேண்டிய முழக்கத்துக்கு அவகாசம் இருப்பதால் அதைப் பெரிய துண்டில் சாவகாசமாகப் போடலாம். முதல் சில சாம்பிளை மட்டும் நேரடியாகப் பெருக்கிவிடலாம். தாமதம் பூஜ்யம், வேலை சாம்பிளுக்குச் சில நூறு பெருக்கல்.

இதிலும் ஒரு வம்பு இருக்கிறது. பெரிய துண்டுக்கான வேலை எப்போதாவது ஒருமுறை, ஆனால் மொத்தமாக வரும். நன்றாக எழுதிய ப்ளக்-இன் அதைப் பின்னணியில் பரப்பிச் செய்யும். சரியாக எழுதாதது ஒரே நொடியில் திணிக்கும். அப்போது கணினியின் சுமைகாட்டி சராசரியாக முப்பது சதவீதம் என்று சாதுவாகக் காட்டும். ஒலியிலோ இடையிடையே ‘டிக்’ என்று சொடுக்கும். அந்தச் சொடுக்கு சீரான இடைவெளியில் வந்தால் இந்த ரிவெர்ப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒலிபரப்பு பஃபரைக் கூட்டிப் பாருங்கள். அல்லது அந்த டிராக்கை ‘ஃப்ரீஸ்’ செய்யுங்கள்.

அல்காரிதமிக் வழி பெல் ஆய்வகத்தின் மான்ஃப்ரெட் ஷ்ரோடரிடம் தொடங்குகிறது. 1960-களின் தொடக்கத்தில் அவர் கேட்ட கேள்வி இது: மண்டபமே வேண்டாம், சில தாமதக் கோடுகளை வைத்து முழக்கத்தை உண்டாக்க முடியாதா? ஒலியை ஒரு கோட்டில் அனுப்பி, மறுமுனையில் வருவதைச் சற்றுக் குறைத்து மறுபடி உள்ளே விட்டால், அது சுற்றிச் சுற்றித் தேய்ந்துகொண்டே வரும். வெவ்வேறு நீளமுள்ள பல கோடுகளை அருகருகே வைத்தால் எதிரொலிகள் கலந்து மண்டபமாகக் கேட்கும்.

2000-ஆம் ஆண்டில் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விடப்பட்ட ‘ஃப்ரீவெர்ப்’ இதற்கு நல்ல உதாரணம். விநாடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில், ஒரு சேனலுக்கு எட்டு கோடுகள். மிகக் குட்டையானது 1,116 சாம்பிள், மிக நீளமானது 1,617. அவற்றின் பின்னே எதிரொலிகளை இன்னும் நெருக்கமாகச் சிதறடிக்க நான்கு சிறு கோடுகள். ஒரு சாம்பிளுக்கு ஆகும் செலவு முப்பதை ஒட்டிய பெருக்கல். நினைவகம் சேனலுக்கு 50 கிலோபைட். 11 விநாடி ஐ.ஆருக்கோ சேனலுக்கு 2 மெகாபைட்டுக்கு மேல் வேண்டும். இன்றைய கணினிக்கு இரண்டுமே அற்பம் என்றாலும், மலிவு விலைக் கிட்டார் பெடலுக்குள் இருக்கும் சின்னச் சிப்புக்கு இந்த வித்தியாசம் பெரிது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1,116 சாம்பிள் கோட்டில் திரும்பும் ஒலியை 0.916-ஆல் பெருக்கினால் முழக்கம் 2 விநாடி நீளும். 0.957 என்றால் 4 விநாடி, 0.984 என்றால் ஹாகியா சோஃபியா அளவுக்கு 11 விநாடி. மாறியது ஒரே ஓர் எண்தான். செலவு அப்படியே இருக்கிறது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, பல்லவிக்குச் சின்ன அறையாகவும் சரணத்தின் கடைசிச் சொல்லுக்குப் பெரிய மண்டபமாகவும் அதைத் திருகலாம்.

கன்வல்யூஷனில் அதே திருகல் படாதபாடு படுத்தும். ஐ.ஆர். ஒரு புகைப்படம் மாதிரி: பலூன் வெடித்த இடம், மைக் இருந்த இடம் இரண்டும் அதில் உறைந்துவிட்டன. பாடகர் பத்தடி நகர்ந்தால் வேறொரு ஐ.ஆர். வேண்டும். முழக்கத்தைக் குறைப்பது எளிது, ஐ.ஆரைப் படிப்படியாகத் தேயவைத்தால் போதும். நீட்டும்போதுதான் சிக்கல். 2 விநாடி மண்டபத்தை 4 விநாடியாக்க, இரண்டாம் விநாடியின் முடிவில் 30 டெசிபெலும் மூன்றாம் விநாடியின் முடிவில் 45 டெசிபெலும் ஏற்ற வேண்டும். அந்த இடத்தில் பதிவில் மிஞ்சியிருப்பது மண்டபத்தின் ஒலியல்ல, மைக்கின் இரைச்சல். அதையும் சேர்த்துத்தான் தூக்குகிறீர்கள். முழக்கத்தின் வாலில் ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் தேயாமல் வளர்ந்தால், யாரோ ஐ.ஆரை அதன் சக்திக்கு மீறி இழுத்திருக்கிறார்கள். தவிர, ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லாத் துண்டுகளையும் மறுபடி கணக்கிட்டு, பழையதையும் புதியதையும் சற்று நேரம் சேர்த்து ஓட்டி மெல்ல மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் சுமை இரட்டிக்கும்.

அல்காரிதத்தின் பலவீனம் வேறு. கோடுகள் குறைவாக இருந்தால் சில சுரங்கள் மட்டும் தூக்கலாக ஒலித்து, தகரத்தைத் தட்டிய வாடை வரும். தொடர்ச்சியான குரலில் அது மறைந்துவிடும்; மிருதங்கத்தின் ஒரு தட்டு, விரல் சொடுக்கு, கைதட்டு போன்ற கூர்மையான ஒலியை அனுப்பிப் பாருங்கள், உடனே காட்டிக்கொடுத்துவிடும். 1978-இல் வந்த லெக்ஸிகன் 224-இல் டேவிட் கிரீஸிங்கர் கையாண்ட மருந்து, கோடுகளின் நீளத்தை ஓயாமல் இலேசாக அசைத்துக்கொண்டே இருப்பது. எந்தச் சுரமும் ஓரிடத்தில் தங்க முடியாது. இந்த அசைவு எந்த ஐ.ஆரிலும் சிக்காது. அந்தப் பழைய கருவிகளிலிருந்து எடுத்த ஐ.ஆர்.கள் எங்கும் கிடைக்கின்றன. அவற்றை வாங்கிப் போட்டுவிட்டு அந்தக் கருவியே வந்துவிட்டதாக நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பரிதாபமாக இருக்கும். அவர்களிடம் இருப்பது அதன் ஒரு கணம்.

ஆக, ஒரு குறிப்பிட்ட இடம் கேட்பவருக்குத் தெரிய வேண்டும் என்றால் கன்வல்யூஷன். திரைப்படத்தில் படப்பிடிப்பு நடந்த அதே மாடிப்படியில் டப்பிங் குரல் ஒலிக்க வேண்டும் என்றால் வேறு வழியே இல்லை. அங்கேயே ஒரு பலூனை உடைத்துப் பதிவெடுத்து வந்துவிட வேண்டியதுதான். இடம் எது என்பது முக்கியமில்லை, பாட்டோடு சேர்ந்து அது மாற வேண்டும் என்றால் அல்காரிதம். பாடகரின் ஹெட்போனுக்கும் அதுவே போதும். எதைப் போட்டாலும் ஒவ்வொரு டிராக்கிலும் தனித்தனியாகப் போடாமல், பொதுவான ஒரு ‘சென்ட்’ பஸ்ஸில் ஒன்றை வைத்து எல்லாக் குரல்களையும் அங்கே அனுப்புங்கள். இருபது டிராக்குக்கும் ஒரே செலவுதான்.

இரண்டையும் கலப்பதும் உண்டு. ஓர் இடத்தின் அடையாளம் பெரும்பாலும் முதல் நூறு மில்லிவிநாடியில், சுவர்களிலிருந்து தனித்தனியாகத் திரும்பும் எதிரொலிகளில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவது அதிர்வெண்ணுக்கு ஏற்ப வெவ்வேறு வேகத்தில் தேயும் ஒழுங்கற்ற இரைச்சலை ஒத்திருக்கும். அதனால் தொடக்கத்தைக் குட்டையான ஐ.ஆரிலும் நீண்ட வாலை அல்காரிதத்திலும் செய்யலாம். வால் நீளலாம், குறையலாம், தொடக்கம் மாறாது. இரண்டும் இணையும் இடத்தில் வலுவோ நிறமோ ஒத்துப்போகாவிட்டால், கைதட்டை அனுப்பும்போது முதலில் ஓர் அறையும், ஒரு கணம் கழித்து அதன் பின்னால் வேறோர் அறையும் கேட்கும். அப்போது வாலின் உயர் அதிர்வெண்களைக் குறைத்து, அதன் தொடக்கத்தைப் பத்து இருபது மில்லிவிநாடி முன்னே இழுத்துப் பார்த்தால் பெரும்பாலும் தையல் மறைந்துவிடும்.