தீபாவளி முடிந்ததும் ஏமாற்றும் சராசரி

அடுத்த காலாண்டில் எவ்வளவு விற்கும் என்று கணிக்க, சிறு கடைகளில் கடைசி மூன்று மாத விற்பனையைக் கூட்டி மூன்றால் வகுப்பார்கள். புது மாதக் கணக்கு சேரும்போது பழைய மாதம் ஒன்று கழன்றுகொள்வதால் இதற்கு நகரும் சராசரி என்று பெயர். மழையால் ஒரு மாதம் படுத்துப்போனாலும் கணிப்பு ஆட்டம் காணாது. ஆனால் பண்டிகை விற்பனையையும் இது சாதாரண விற்பனையாகவே எண்ணிவிடும். உதாரணத்துக்கு ஒரு ரெடிமேட் கடை: அக்டோபரில் 9 லட்சம், நவம்பரில் 11, டிசம்பரில் 4. சராசரி 8 லட்சம். ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரை 24 லட்சம் என்கிறது கணக்கு. போன வருடம் அதே மூன்று மாதம் விற்றதோ 13 லட்சம்தான். மொத்த ஆண்டு விற்பனை 60 லட்சத்திலிருந்து 66 லட்சமாக, அதாவது பத்து சதவீதம் கூடியிருந்தால், நியாயமான கணிப்பு 14.3 லட்சம். சரக்கின் அடக்கவிலை முக்கால் பங்கு என்றால், சராசரியை நம்பியவர் ஏழு லட்சத்துக்கு மேல் கூடுதல் சரக்கு எடுத்திருப்பார்.

ஜனவரிக் கணக்கு வந்ததும் சராசரி தானே இறங்கிவிடுமே என்று கேட்கலாம். இறங்கும், ஆனால் ஆர்டர் டிசம்பரிலேயே போயிருக்கும். சரக்கு கொடுத்தவர் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளராக இருந்தால், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டுவட்டி. மார்ச் 31-க்குள்ளும் கட்டாவிட்டால், வருமான வரிக் கணக்கில் அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. சரக்கில் குறை இருந்தால் பெற்ற 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். விற்கவில்லை என்பது குறை ஆகாது. ஆகவே திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனையையும், சரக்கை இரண்டு மூன்று தவணையாக அனுப்பும் ஏற்பாட்டையும் ஆர்டரிலேயே எழுதி வாங்குவதுதான் கடைக்காரருக்குப் பாதுகாப்பு.

அப்படியானால் மாதத்துக்கு மாதம் போன வருடத்தோடு ஒப்பிட்டால் போதாதா? போதாது. தீபாவளி 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. பண்டிகை நகரும்போது அக்டோபரும் நவம்பரும் மாறிமாறி வீங்கும். காலாண்டு மொத்தம் அவ்வளவு மாறாது. எனவே காலாண்டைக் காலாண்டோடு ஒப்பிட்டு, வளர்ச்சியை மட்டும் பன்னிரண்டு மாத மொத்தத்திலிருந்து எடுக்க வேண்டும். போன வருடக் கணக்கே இல்லாத புதுக்கடைக்கு இந்த வழி கிடையாது. அவர்கள் பண்டிகை மாதங்களைச் சராசரியில் சேர்க்காமல், அதற்கு முந்தைய சாதாரண மாதங்களை வைத்துக் குறைவாக ஆர்டர் போட்டு, ஜனவரி விற்பனையைப் பார்த்தபின் அடுத்த தவணையை எடுக்கலாம்.