உடைஞ்ச லிங்க்குக்குப் பதிலா உங்க கட்டுரை: சைட் ஓனருக்கு எப்படி மெயில் போடணும்?



வேலைக்குப் போய்க்கிட்டே சைடுல ஒரு ஃபைனான்ஸ் சைட் நடத்துறீங்கன்னு வச்சுக்கோங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல உட்கார்ந்து எழுதுறீங்க, கட்டுரையும் நல்லாத்தான் இருக்கு. ஆனா படிக்க ஆள் வரலை. வேற யாரும் உங்களுக்கு லிங்க் குடுக்கலைன்னா கூகுளுக்கும் உங்க பக்கத்தைப் பெரிசா எடுத்துக்க ஒரு காரணம் இருக்காது. காசு செலவழிக்காம லிங்க் வாங்குறதுக்கு ஒரு பழைய வழி இருக்கு. வேற ஒருத்தர் சைட்ல செத்துப்போன லிங்க் ஒண்ணைக் கண்டுபிடிச்சு, "இது வேலை செய்யலை, இதே விஷயத்தை நான் புதுசா எழுதியிருக்கேன், மாத்திக்கிறீங்களா?"ன்னு மெயில் போடுறது.

கேட்க ஈஸியா இருக்கும். நானும் அப்படித்தான் நினைச்சு, போன வருஷம் ஒரு ஆடிட்டர் சாருக்கு மெயில் தட்டினேன். முதல் தடவை நல்லா சொதப்பினேன். அந்தக் கதையையே சொல்றேன், அதுக்குள்ளேயே முறையும் வந்துடும்.

அவர் சைட்ல ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் லாபத்துக்கு வரி எப்படின்னு ஒரு பக்கம் இருந்துச்சு. கூகுள்ல தேடினா மேல வர்ற பக்கம். அதுல இருந்த ஒரு லிங்க்கை அமுக்கினா 404. நான் அப்பத்தான் 2024 பட்ஜெட்டுக்கு அப்புறம் மாறின வரி விகிதத்தை வச்சு ஒரு கட்டுரை போட்டிருந்தேன். உடனே இப்படி ஒரு மெயில் அனுப்பினேன்:

"வணக்கம். தங்கள் அருமையான தளத்தைப் படித்தேன். அதில் ஒரு லிங்க் உடைந்துள்ளது. அதற்குப் பதிலாக எனது விரிவான கட்டுரையை இணைத்தால் தங்கள் வாசகர்களுக்கு மிகவும் பயனுள்ளதாக இருக்கும்."

எந்தப் பக்கம், எந்த லிங்க்னு சொல்லலை. 'அருமையான தளம்'னு சொன்னதுல, நான் ஒழுங்கா படிக்கலைங்கிறது அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும். இருந்தாலும் நல்ல மனுஷன், ரெண்டு வரி பதில் போட்டார்: "தம்பி, உங்க கட்டுரையில 2018 ஜனவரி 31 பத்தி ஒரு வரி கூட இல்லையே. நான் அந்த லிங்க் போட்டதே அதுக்குத்தான்."

திரும்பப் போய் அவர் பக்கத்தைப் பார்த்தேன். லிங்க் இருந்த வாக்கியம் இதுதான்: "2018 ஜனவரி 31-க்கு முன்னாடி வாங்கின ஷேருக்கு வாங்கின விலையா எதை எடுத்துக்கணும்னு உதாரணத்தோட இங்கே பார்க்கலாம்." ஒரு லிங்க் ஒரு வாக்கியத்துக்காகத்தான் போடப்படுது. பக்கத்தோட தலைப்பு ஒண்ணா இருந்தா போதாது, அந்த வாக்கியம் வாசகருக்குக் குடுத்த வாக்கை உங்க கட்டுரை காப்பாத்தணும். நான் அந்த வாக்கியத்தைப் படிக்கவே இல்லை, 404 பார்த்த சந்தோஷத்துல மெயில் போட்டுட்டேன்.

அடுத்து, முதல்லேயே செஞ்சிருக்க வேண்டிய வேலையைச் செஞ்சேன். செத்துப்போன லிங்க்கோட முகவரியை காப்பி பண்ணி, web.archive.org தளத்துல வேபேக் மெஷின்ல போட்டேன். பழைய இணையப் பக்கங்களோட நகல்களை அங்கே தேதிவாரியா வச்சிருப்பாங்க. எல்லாப் பக்கமும் கிடைக்கும்னு சொல்ல முடியாது, எனக்கு 2019-ல எடுத்த நகல் ஒண்ணு கிடைச்சது. மூணு உதாரணக் கணக்கு, ரெண்டு பத்தி விளக்கம், அவ்வளவுதான். ஆடிட்டருக்குத் தேவைப்பட்டது அந்த மூணு கணக்கு.

விஷயம் இதுதான். லிஸ்ட் ஆன ஷேர்ல வர்ற நீண்டகால லாபத்துக்கு 2018 ஏப்ரல் 1-லேர்ந்து வரி வந்துச்சு. அதுவரைக்கும் ஏறியிருந்த லாபத்துக்கு வரி போடக்கூடாதுன்னு 2018 ஜனவரி 31-ஐக் கோடா வச்சாங்க. அன்னிக்கு எக்ஸ்சேஞ்ச்ல இருந்த அதிகபட்ச விலையையும் நீங்க வித்த விலையையும் பாருங்க, ரெண்டுல எது கம்மியோ அதை எடுங்க. அதை நீங்க நிஜமா வாங்கின விலையோட ஒப்பிட்டு, எது அதிகமோ அதுதான் கணக்குக்கான வாங்கின விலை.

2015-ல 100 ரூபாய்க்கு வாங்கின ஷேர், 2018 ஜனவரி 31-ல 180 ரூபாய்னு வச்சுக்கோங்க. 2025-ல 300-க்கு வித்தா, வாங்கின விலை 180, லாபம் 120. 150-க்கு வித்தா, வாங்கின விலை 150 ஆயிடும், லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. 80-க்கு வித்தா, வாங்கின விலை 100-தான், நஷ்டம் 20. மூணாவது கணக்குல 180-ஐ வாங்கின விலையா போட்டு 100 ரூபாய் நஷ்டம் காட்டுறதுதான் நிறைய பேர் பண்ற தப்பு.

இதை என் கட்டுரையில ஒரு தனிப் பகுதியா எழுதினேன். பழைய பக்கத்துல இருந்ததை அப்படியே எடுத்துப் போடலை. அந்தப் பக்கம் இப்போ இல்லைன்னாலும் எழுதினவருக்கு உரிமை இருக்கு, அதனால எண்களும் வார்த்தைகளும் என்னோடதா இருக்கணும். இது ஒரு சாயங்கால வேலை. இந்த வேலையைச் செய்ய மனசு இல்லைன்னா மெயிலே போடாதீங்க.

அவர் பக்கத்தை முழுசா படிச்சப்போ இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு. ஒரு இடத்துல 'ஒரு லட்சத்துக்கு மேல 10%'னு பழைய விகிதம் அப்படியே இருந்துச்சு. 2024 ஜூலை 23-லேர்ந்து அது ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல 12.5%. மூணரை லட்சம் லாபம் பார்த்தவருக்குப் பழைய கணக்குல 25,000 ரூபாய் வரி, புதுக் கணக்குல 28,125 (செஸ் தனி). அவரோட கிளையன்ட் யாராவது இதைப் படிச்சுட்டு 3,125 ரூபாய் குறைச்சுக் கட்டினா, ஃபோன் அவருக்குத்தான் வரும். லிங்க் உடைஞ்சதை விட இதுதான் அவருக்குப் பெரிய தலைவலி. ரெண்டாவது மெயில்ல அதையும் சேர்த்தேன்:

"வணக்கம் சார். போன வாரம் அவசரத்துல எழுதிட்டேன், மன்னிக்கணும். ஷேர் வரி பத்தின உங்க பக்கத்துல, நாலாவது பத்தியில '2018 ஜனவரி 31' வாக்கியத்துல இருக்கிற லிங்க் 404 காட்டுது. மூணு நாளா, மொபைல்லயும் லேப்டாப்லயும் பார்த்துட்டேன். அதே பக்கத்துல கடைசியில 'ஒரு லட்சத்துக்கு மேல 10%'னு இருக்கு. 2024 ஜூலை 23-லேர்ந்து விற்கிறதுக்கு அது 12.5%, விலக்கு ஒண்ணேகால் லட்சம்.

பழைய பக்கத்தோட நகல் வேபேக் மெஷின்ல இருக்கு, முகவரி கீழே. விகிதம் மட்டும் அதுல பழசு. நான் எழுதின கட்டுரையில இப்போ அந்த மூணு நிலைக்கும் உதாரணம் சேர்த்திருக்கேன், அதோட முகவரியும் கீழே. எது சரியா இருக்கோ அதைப் போட்டுக்கோங்க. ரெண்டுமே வேண்டாம்னா லிங்க்கை எடுத்துட்டாலும் சரி."

இதுல மூணு விஷயத்தைக் கவனிங்க. அவர் எங்கேயும் தேடாம ஒரே நிமிஷத்துல சரி பார்க்க முடியும். கட்டுரை என்னோடதுன்னு நான் மறைக்கலை, 'நெட்ல ஒரு நல்ல கட்டுரை பார்த்தேன்'னு நடிச்சா ஆசிரியர் பேரைப் பார்த்ததும் மாட்டிக்குவோம். கடைசியா, என் லிங்க் இல்லாத வழியையும் குடுத்திருக்கேன். ஒன்பது நாள் கழிச்சு லிங்க் மாறிடுச்சு, விகிதமும் திருத்தியாச்சு. "நன்றி தம்பி"ன்னு ஒரு வரி வந்துச்சு.

எல்லாரும் இப்படி இருக்க மாட்டாங்க. பாதிக்கு மேல பதிலே வராது. ஒரு வாரம் கழிச்சு ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க, அதோட விட்டுடுங்க. ஆடிட்டர் மாதிரி ஆளுங்களுக்கு ஜூலை மாசக் கடைசியில அனுப்பாதீங்க. ரிட்டர்ன் ஃபைல் பண்ற நேரத்துல உங்க மெயிலை யார் பார்ப்பாங்க? சிலர் லிங்க்கைத் தூக்கிட்டு, உங்களுக்கு ஒண்ணும் போடாம, தேங்க்ஸ் மட்டும் சொல்வாங்க. எனக்கும் நடந்திருக்கு. கோபப்பட ஒண்ணுமில்லை, சைட் அவங்களோடது.

லிங்க் நிஜமாவே செத்துடுச்சான்னு பார்க்கிறதுலயும் ஏமாறலாம். 503-னு வந்தா சர்வர் அப்போதைக்குப் படுத்திருக்குன்னு அர்த்தம், நாளைக்கு எழுந்துடும். இதுக்கு நேர்மாறா, லிங்க் வேலை செய்யுற மாதிரியே தெரியும், ஆனா டொமைனை ரின்யூ பண்ணாம விட்டதால வேற யாரோ வாங்கி ரம்மி விளம்பரம் ஓட்டிக்கிட்டு இருப்பாங்க. லிங்க் செக் பண்ற டூல் எதுவும் இதைப் பெரும்பாலும் சொல்லாது, நீங்களே அமுக்கிப் பார்த்தாத்தான் தெரியும். இந்த மாதிரி லிங்க்கைச் சொன்னீங்கன்னா ஓனர் பதறி உடனே எடுப்பார்.

உடைஞ்சது அரசாங்க சைட்டோட லிங்க்கா இருந்தா கொஞ்சம் யோசிங்க. வருமான வரி இ-ஃபைலிங் போர்ட்டல் 2021 ஜூன் 7-ல புது முகவரிக்கு மாறுச்சு. பழைய incometaxindiaefiling.gov.in லிங்க்கை இன்னும் வச்சிருக்கிற சைட்டைப் பார்த்தா, அதுக்கு மாற்று உங்க கட்டுரை கிடையாது, incometax.gov.in-தான். அதை மட்டும் சொல்லிட்டு வந்துடுங்க. அந்த இடத்துல உங்க கட்டுரையைத் திணிச்சா அடுத்த மெயிலுக்கு மரியாதை இருக்காது.

சில பேர் "போட்டுடலாம், இவ்ளோ ஆகும்"னு ரேட் சொல்வாங்க. தேடல்ல மேல வர்றதுக்காக லிங்க்கை விலைக்கு வாங்குறதும் விக்கிறதும் கூகுளோட ஸ்பேம் விதிக்கு எதிரானது. காசு குடுத்து வாங்கின லிங்க்ல rel="sponsored"-னு குறிக்கணும். அப்படிக் குறிச்சா அது விளம்பரம், நீங்க தேடின பலன் அதுல வராது. நான் "வேண்டாம் சார், லிங்க் உடைஞ்சிருக்கிறதைச் சொல்லத்தான் எழுதினேன்"னு முடிச்சுக்குவேன்.

லிங்க் கிடைச்சதும் ஒரு ஷீட்ல எழுதி வைங்க: எந்தப் பக்கம், எந்த வாக்கியம், உங்க பக்கத்தோட முகவரி என்ன. ஏன்னா அடுத்த பட்ஜெட்டுல விகிதம் மாறினா முதல்ல திருத்த வேண்டிய கட்டுரை அதுதான். டிசைன் மாத்துறேன்னு அந்த முகவரியை மாத்தினீங்கன்னா, பழைய முகவரியிலேர்ந்து புதுசுக்கு 301 ரீடைரக்ட் போட்டுட்டு மாத்துங்க. டொமைன் ரின்யூவலையும் ஆட்டோ பேல போட்டு, அந்தக் கார்டு எப்போ எக்ஸ்பயர் ஆகுதுன்னு இன்னிக்கே ஒரு தடவை பார்த்துடுங்க.