முப்பரிமாண அச்சு – 7: புகைபோக்கி ஏன் குழைந்தது?

சென்ற வாரம் பெட்டைச் சமன் செய்து, முதல் லேயரைச் சரியாக ஒட்டவைப்பதுவரை பார்த்தோம். பிரிண்டர் வாங்கிய எவரும் அடுத்து அச்சிடுவது ஒரு குட்டிப் படகைத்தான். அதன் பெயர் 3டி பெஞ்சி. ஸ்வீடனைச் சேர்ந்த கிரியேட்டிவ் டூல்ஸ் நிறுவனம் 2015 ஏப்ரலில் வெளியிட்டது. 2025-இல் அது பொதுவுடைமையாகவும் ஆகிவிட்டது. நீளம் 60 மி.மீ., அகலம் 31, உயரம் 48. பார்க்கப் பொம்மைபோல இருந்தாலும் ஒவ்வொரு பாகமும் பிரிண்டரை ஒரு விதத்தில் சோதிப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது. எந்தத் தாங்கலும் இல்லாமல், அளவை மாற்றாமல் அப்படியே அச்சிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

பலரும் அச்சிட்டதும் போட்டோ எடுத்துவிட்டு மேசையில் வைத்துவிடுகிறார்கள். படகைப் படிப்பதில்லை. பொறியியல் படிக்கும் ஒரு மாணவர் கொண்டுவந்து காட்டிய படகை வைத்தே இந்த வாரம் அதைப் படித்துப் பார்ப்போம். பிஎல்ஏ ஃபிலமென்ட், 0.4 மி.மீ. நாசில், 0.2 மி.மீ. லேயர், 210 டிகிரி, வெளிச்சுவர் வேகம் நொடிக்கு 100 மி.மீ. பெட் முன்னும் பின்னும் ஓடும் வகை மெஷின். குறைகள் நான்கு: புகைபோக்கி குழைந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, கேபினுக்குள் சிலந்தி இழைபோல நூல்கள், படகின் பக்கவாட்டில், பின்மூலையை ஒட்டி மெல்லிய அலைகள், உடலைச் சுற்றிக் கோடு கிழித்தாற்போல ஒரு தடம்.

“டெம்பரேச்சரை 195-க்குக் குறைச்சுப் பார்த்தேன் சார். நூல் கொஞ்சம் கம்மியாச்சு. மத்ததெல்லாம் அப்படியேதான் இருக்கு” என்றார்.

எந்தக் குறை வந்தாலும் முதலில் வெப்பத்தில் கை வைப்பது பரவலான பழக்கம். வெப்பத்தைக் குறைத்தால் பிளாஸ்டிக் கெட்டியாகி ஒழுகுவது குறையும். அதனால் நூலும் குறையும். கூடவே லேயருக்கு லேயர் ஒட்டும் பிடிப்பும் குறைந்துபோகும். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்துக்கொள்வதில்தான் இது முடியும். அதனால் 210-க்கே திரும்பச் சொன்னேன்.

புகைபோக்கியில் தொடங்குவோம். அதன் வெளிவிட்டம் 7 மி.மீ., உள்ளே துளை 3 மி.மீ. ஒரு லேயரில் நிரப்ப வேண்டிய பரப்பு ஏறக்குறைய 31 சதுர மி.மீ. நாசில் போடும் கோட்டின் அகலம் 0.45 என்று வைத்துக்கொண்டால், ஒரு லேயருக்கு நாசில் ஓட வேண்டிய தூரம் சுமார் 70 மி.மீ. நொடிக்கு 100 மி.மீ. வேகத்தில் போனால் ஒரு நொடிகூட ஆகாது. கீழே இருக்கும் லேயர் இன்னும் கூழாக இருக்கும்போதே 210 டிகிரி நாசில் திரும்ப வந்து அதன்மேல் உட்கார்ந்துவிடுகிறது. கீழே படகின் உடலில் இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே ஒரு லேயர் பெரியது, சுற்றி வருவதற்குள் முந்தையது ஆறிவிடும். அதே வெப்பம், அதே ஃபேன்; உடல் நன்றாக வந்து புகைபோக்கி மட்டும் குழைந்தால், காரணம் நாசிலின் வெப்பம் அல்ல, லேயருக்குக் கிடைக்கும் நேரம்.

இதற்கென்றே ஸ்லைசரில் ஒரு அமைப்பு உண்டு. கியூராவில் `Minimum Layer Time` என்று இருக்கும். மாணவரும் அதை 10 நொடி என்றே வைத்திருந்தார். பிறகு ஏன் குழைந்தது? அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் `Minimum Speed` என்ற இன்னொரு வரியை அவர் பார்க்கவில்லை. அதில் 20 என்று இருந்தது. பத்து நொடி பிடிக்க வேண்டுமானால் நாசில் நொடிக்கு 7 மி.மீ. வேகத்தில் ஊர்ந்தாக வேண்டும். இருபதுக்குக் கீழே போகாதே என்று இன்னொரு வரி சொல்கிறது. இரண்டும் மோதினால் வேக வரம்புதான் ஜெயிக்கும். ஆக, கிடைத்தது பத்து நொடி அல்ல, மூன்றரை நொடி.

வரம்பைத் தளர்த்தி ஏழுக்குக் கொண்டுவருவது ஒரு வழி. ஆனால் அவ்வளவு மெதுவாக ஊரும்போது சூடான நாசிலே புகைபோக்கியை விட்டு நகராமல் அதற்கு வெப்பம் ஊட்டிக்கொண்டிருக்கும். எனக்குப் பிடித்த வழி, இரண்டு படகுகளைத் தள்ளித்தள்ளி வைத்து ஒரே நேரத்தில் அச்சிடுவது. நாசில் ஒன்றில் வேலை செய்யும்போது மற்றது ஆறும். இது நல்ல சோதனையும்கூட. இரண்டாக அச்சிட்டதும் புகைபோக்கி நிமிர்ந்து நின்றால், நேரம்தான் காரணம் என்று உறுதி. அப்போதும் குழைந்தால் ஃபேன் சுற்றுகிறதா, காற்று நாசில் முனைக்குத்தான் போகிறதா என்று பார்க்க வேண்டும். இவருக்கு நிமிர்ந்து நின்றது.

அடுத்து நூல்கள். நாசில் கேபினின் ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்கு வெற்றிடத்தைத் தாண்டிப் போகும்போது வாயிலிருந்து ஒழுகுவதுதான் நூலாக நிற்கிறது. ஃபிலமென்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு தாண்டினால் ஒழுகாது. அதற்குப் பெயர் ரிட்ராக்‌ஷன். ஆனால் ஈரம் குடித்த ஃபிலமென்டும் இதேபோல நூல் விடும். கடலோர ஊர்களில் திறந்தபடி கிடக்கும் ஸ்பூலுக்கு இது சர்வசாதாரணம். எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேபினைப் பார்க்கக் கூடாது. படகின் உடலைப் பார்க்க வேண்டும். உடலை அச்சிடும்போது நாசில் பெரும்பாலும் நிற்காமல் ஓடுகிறது, தாண்டல்கள் குறைவு. ஈரம் இருந்தால் அது நாசிலுக்குள் ஆவியாகி, தாண்டாத இடத்திலும் சுவரைச் சொரசொரப்பாக்கும், சில சமயம் படபடவென்று வெடிக்கும் ஓசையும் கேட்கும். இவருடைய படகில் உடல் வழவழவென்று இருந்தது. ஈரம் இல்லை. ஃபிலமென்டை மணிக்கணக்கில் உலர்த்தியிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

ரிட்ராக்‌ஷன் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “0.8 சார். ஃபிரெண்டோட செட்டிங்ஸ் ஃபைலை அப்படியே போட்டேன்.” விஷயம் அங்கேதான். நண்பரின் மெஷினில் ஃபிலமென்டைத் தள்ளும் மோட்டார் நாசிலுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த வகைக்கு அரை முதல் ஒரு மி.மீ. போதும். இவருடையதில் மோட்டார் சட்டத்தில் இருக்கிறது. இடையில் நீண்ட டியூப், அதற்குள் ஃபிலமென்ட் வளைந்து நெளிய இடமும் இருக்கிறது. 0.8 இழுத்தால் அந்த நெளிவு நிமிர்வதற்கே சரியாகிவிடும். நாசில் முனைக்கு இழுப்பு போய்ச் சேராது. இந்த வகைக்கு 4 முதல் 6 வரை தேவைப்படும். 5 வைத்ததும் நூல்கள் போயின. ஜன்னல் மூலையில் மயிரிழையாய் ஒன்றிரண்டு மிஞ்சின. அதற்காக மேலும் இழுக்க வேண்டியதில்லை.

அலைகள்தான் எனக்கு மிகவும் பிடித்த தடயம், ஏனென்றால் ஸ்கேல் வைத்து அளக்க முடியும். பஸ் டிரைவர் பிரேக் போட்டதும் நிற்பவர்கள் ஆடுவதைப்போல, மூலையில் திசை மாறியதும் மெஷின் ஒரு கணம் ஆடி அடங்கும். அந்த ஆட்டம்தான் சுவரில் அலையாகப் பதிகிறது. படகை நீளவாட்டில் X திசையில் வைத்து அச்சிட்டால், அதன் பக்கச் சுவரில் தெரியும் அலை Y திசை ஆட்டத்தைக் காட்டும். நாசில் X திசையில் போய்க்கொண்டிருக்கும்போது குறுக்கே ஆடினால்தானே சுவர் நெளியும்? இந்த மெஷினில் Y என்பது கனமான பெட். சந்தேகப்பட வேண்டிய ஆள் அதுதான்.

படகை விளக்குக்குச் சாய்வாகப் பிடித்து அளந்தோம். பின்மூலையை ஒட்டிய முதல் அலையை விட்டுவிட வேண்டும். அங்கே நாசில் இன்னும் வேகம் எடுத்துக்கொண்டிருக்கும், அலைகள் நெருங்கித் தெரியும். அதற்கு அப்பால் 10 மி.மீ. நீளத்தில் ஐந்து அலைகள். ஒரு அலைக்கு 2 மி.மீ. வேகம் 100. ஆக, நொடிக்கு 50 ஆட்டம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலான பிரிண்டர்களின் பெல்ட்டில் பல்லுக்குப் பல் இடைவெளியும் 2 மி.மீ.தான். பல் கப்பியில் பதியும் தடமும் இதே இடைவெளியில் சுவரில் தெரியக்கூடும். இரண்டையும் பிரிக்க வெளிச்சுவர் வேகத்தைப் பாதியாக்கி இன்னொரு படகு அச்சிட வேண்டும். ஆட்டம் என்றால் அதன் துடிப்பு மாறாது, நாசில் மெதுவாகப் போவதால் இடைவெளி 1 மி.மீ. ஆகச் சுருங்கும். பெல்ட் என்றால் எந்த வேகத்திலும் 2 மி.மீ.தான். மாணவரின் படகில் சுருங்கியது. ஸ்லைசரின் வேக முன்னோட்டத்தில் அந்த லேயர்கள் உண்மையிலேயே 100-இல் ஓடினவா என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். லேயர் நேரத்துக்காக ஸ்லைசர் ரகசியமாக வேகத்தைக் குறைத்திருந்தால் கணக்கு தப்பாகிவிடும்.

வேகத்தைவிட முடுக்கத்தைக் குறைத்தால் அலை நன்றாக அடங்கும், நேர இழப்பும் அதிகமில்லை. இவருடைய மெஷினில் கிளிப்பர் ஓடுவதால் ஆட்டத்துக்கு எதிராக இயக்கத்தையே திருத்தச் சொல்லலாம்:

```
[input_shaper]
shaper_freq_y: 50
shaper_type_y: mzv
```

படகிலிருந்து எடுத்த 50 ஒரு தொடக்க எண் மட்டுமே. சுவர் சிறியது, அளவு ஒன்றிரண்டு அலைகளில் பிசகலாம். துல்லியமாக வேண்டுமானால் இதற்கென்றே உள்ள கோபுரத்தை அச்சிட்டோ, ஆக்ஸிலரோமீட்டரைப் பொருத்தியோ அளக்க வேண்டும்.

மிஞ்சியது உடலைச் சுற்றிய கோடு. இதற்காக எத்தனையோ பேர் Z திருகுக்கு எண்ணெய் போட்டு, கழற்றி மாட்டி, புதிதாகவும் வாங்கியிருக்கிறார்கள். திருகில் கோளாறு என்றால் கோடு ஒன்றோடு நிற்காது. இந்த மெஷினில் உள்ளதுபோல ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. ஏறும் திருகு என்றால், 8 மி.மீ.க்கு ஒருமுறை அதே தடம் திரும்பத் திரும்ப வரும். மாணவரின் படகில் ஒரே கோடு. ஸ்லைசரில் லேயர் லேயராக நகர்த்திப் பார்த்தால், கோடு விழுந்த உயரத்தில்தான் படகின் தளம் தொடங்குகிறது. அதுவரை உள்ளே வலைபோன்ற நிரப்பு. அங்கிருந்து ஒரே கெட்டியான தளம். கெட்டிப் பிளாஸ்டிக் ஆறும்போது கூடுதலாகச் சுருங்கி வெளிச்சுவரை உள்ளே இழுக்கிறது. லேயருக்கு ஆகும் நேரமும் அங்கே சட்டென்று மாறுகிறது. வடிவத்திலேயே இருக்கும் மாற்றம் இது. சுவரை ஒன்றிரண்டு சுற்று தடிமனாக்கினால் கோடு மங்கும், முழுதாக மறையாது. அவருக்கும் மங்கியது, திருகைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.