பள்ளி வேனை நிறுத்தும்போது எழுதவேண்டிய கடிதம்

பள்ளி வேன் ஏற்பாடு பெரும்பாலும் வாய்ப்பேச்சில்தான் முடிகிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் வேன் உரிமையாளருக்குப் போன் செய்து, குழந்தை ஏறும் இடத்தையும் நேரத்தையும் பேசி, மாதக் கட்டணத்தை ஒத்துக்கொண்டு, சில மாதத் தொகையை முன்கூட்டியே யு.பி.ஐ.யில் அனுப்பிவிடுகிறார்கள். கையெழுத்துப் போட்ட தாள் ஏதும் இல்லாததால், பின்னால் தகராறு வந்தால் கேட்க வழியில்லை என்று பெற்றோர் நினைத்துக்கொள்வதுண்டு. அது சரியல்ல. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். பணம் போன பதிவும், "நாளையிலிருந்து 7.40-க்கு கேட்டில் நிற்கச் சொல்லுங்கள்" என்று உரிமையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் அந்த ஒப்பந்தத்துக்குச் சான்றுகள்.

கடிதம் எழுதும் முன் அது யாருக்குப் போகவேண்டும் என்பது தெரிய வேண்டும். வண்டி பள்ளிக்குச் சொந்தமானது, ரசீதும் பள்ளியின் பெயரில் என்றால் கடிதம் தாளாளருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் கல்வி நிறுவனப் பேருந்து என்று சொல்வது இப்படி நிறுவனமே வைத்திருக்கும் வண்டியைத்தான். தனியார் வேன் என்றால் பணம் வாங்கிய உரிமையாளருக்கு எழுத வேண்டும், ஓட்டுநருக்கு அல்ல. ஓட்டுநர் மாதச் சம்பளக்காரராக இருக்கலாம், அடுத்த வாரம் வேறு வண்டிக்குப் போய்விடலாம். வண்டியின் பதிவெண்ணை mParivahan செயலியில் போட்டுப் பார்த்தால் எஃப்.சி., காப்பீடு ஆகியவை எதுவரை செல்லும் என்பது தெரியும். வெள்ளை போர்டில் ஓடும் சொந்த உபயோக வண்டியில் காசு வாங்கிக் குழந்தைகளை ஏற்றுவதே விதிமீறல். விபத்து நேர்ந்தால் அதைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கப் பார்க்கும்.

கடிதத்தின் வலு அதில் உள்ள கோபத்தில் இல்லை, தேதிகளில் இருக்கிறது. "உங்கள் டிரைவர் எப்போதும் கண்மூடித்தனமாக ஓட்டுகிறார்" என்று எழுதினால், "அப்படியெல்லாம் இல்லைங்க" என்ற ஒரே வரியில் அது முடிந்துவிடும். நாள், நேரம், இடம், நடந்தது, பார்த்தவர், அன்றே உரிமையாளரிடம் சொன்னதா, அவர் என்ன பதில் சொன்னார் என்று எழுதினால் ஒவ்வொன்றுக்கும் அவர் தனித்தனியே பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு மாதிரிக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் வகுப்புக் குழந்தை. மாதக் கட்டணம் ரூ. 2,000. ஜூன் முதல் நவம்பர் வரை ஆறு மாதத்துக்கு ரூ. 12,000 முன்கூட்டியே செலுத்தப்பட்டிருக்கிறது. அது போக, சேரும்போது வாங்கிய அட்வான்ஸ் ரூ. 1,000. இந்தப் பெற்றோர் எழுதும் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி அமையலாம்:

"8.7.2025, செவ்வாய், காலை 7.50: ஓட்டுநர் இடக்கையில் போனைக் காதில் வைத்துப் பேசியபடியே எங்கள் தெருமுனையில் வண்டியைத் திருப்பினார். குழந்தையை ஏற்றிவிட்டு நின்ற நான் நேரில் பார்த்தேன். அன்று 8.10-க்கு உங்களுக்கு வாட்ஸ்அப்பில் தெரிவித்தேன். 'சொல்லிவைக்கிறேன்' என்று பதில் அனுப்பினீர்கள்.

21.8.2025, வியாழன், மாலை 4.15: குழந்தையை வீட்டுக்கு எதிர்ப்பக்கச் சாலையில் இறக்கினார். ஒரு கால் படியில் இருக்கும்போதே வண்டி நகர்ந்தது. குழந்தை முழங்கால் சிராய்ப்போடு விழுந்தாள். எதிர்க்கடைக்காரர் ஓடிவந்து தூக்கினார். மாலை 4.30-க்கு உங்களுடன் போனில் பேசினேன்.

3.9.2025, புதன், காலை: இரண்டு இருக்கைகளுக்கு நடுவே போட்ட பலகையில் என் குழந்தையும் இன்னும் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். திடீர் பிரேக்கில் மூவரும் முன்னால் சரிந்ததாகக் குழந்தை மாலையில் சொன்னாள். பலகை இருந்ததை மறுநாள் காலை நானே பார்த்துப் படம் எடுத்தேன்."

இதில் கவனிக்க வேண்டியது மூன்றாவது பதிவு. பெற்றோர் பார்த்தது பலகை. பிரேக் போட்டது குழந்தை சொன்னது. இரண்டையும் கலக்காமல் பிரித்து எழுதியிருப்பதால் கடிதத்தின் நம்பகம் கூடுகிறது. வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போனது என்று வெளியே நின்றவரால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதை எழுதி எதிராளி மறுத்துவிட்டால் உண்மையான மற்ற இரண்டும் சேர்ந்து அடிபடும். குழந்தையைத் திரும்பத் திரும்பக் கேட்டு விவரம் சேர்ப்பதும் நல்லதல்ல. நாலாவது முறை கேட்கும்போது குழந்தை, கேட்பவர் விரும்பும் பதிலைச் சொல்லத் தொடங்கிவிடும். அன்று மாலை தானாகச் சொன்னதை அதே சொற்களில் நாட்குறிப்பிலோ போனிலோ குறித்துவைத்தால் போதும். படம் எடுத்தால் மற்ற குழந்தைகளின் முகம் தெரியும் படத்தைப் பெற்றோர் குழுவில் போடாமல் கையில் வைத்துக்கொள்வது முறை.

சம்பவங்களுக்குப் பிறகு முடிவு ஒரே வாக்கியத்தில் வர வேண்டும்: "மேற்கண்ட காரணங்களால் 6.9.2025 முதல் என் குழந்தை உங்கள் வேனில் வரமாட்டாள். நம்மிடையேயான ஏற்பாடு அன்றோடு முடிகிறது." "யோசித்துக்கொண்டிருக்கிறோம்", "திருந்தாவிட்டால்" போன்ற சொற்கள் இங்கே வந்தால், ஏற்பாடு எந்தத் தேதியில் முடிந்தது என்பதே பிறகு தகராறாகும். பணக் கணக்கும் அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது.

உரிமையாளரிடமிருந்து முதலில் வரும் மறுப்பு, "ஒரு மாசம் முன்னாடி சொல்லணும்" என்பது. வீடு மாறுவது, பள்ளி மாற்றுவது போன்ற சொந்தக் காரணத்துக்காக நிறுத்தும்போது அந்தக் கோரிக்கை நியாயமானது. ஓட்டுநரின் சம்பளமும் வண்டியின் தவணையும் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் இங்கே ஒப்பந்தத்தை மீறியவர் சேவை தருபவர். குழந்தையைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அந்த ஒப்பந்தத்தின் உயிர். ஆபத்து என்று எழுத்தில் சொன்னபிறகு அதே வேனில் இன்னும் ஒரு மாதம் குழந்தையை அனுப்பினால், சொன்ன ஆபத்தைச் சொன்னவரே நம்பவில்லை என்றாகிவிடும். "கட்டின பணம் திரும்பாது" என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருப்பதும் முடிந்த முடிவல்ல. இழப்பீட்டுத் தொகை இன்னது என்று ஒப்பந்தமே முன்கூட்டிக் குறித்திருந்தாலும், நியாயமான அளவுக்குத்தான் கேட்க முடியும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. அதுவும் மீறியவரிடமிருந்து மற்றவருக்குக் கிடைப்பது.

அடுத்தது கணக்கு. கடைசியாக வேனில் போனது செப்டம்பர் 5. செப்டம்பரில் மீதி 25 நாள். ரூ. 2,000-த்தை 30-ஆல் வகுத்து 25-ஆல் பெருக்கினால் ரூ. 1,666. அக்டோபர், நவம்பர் இரண்டுக்கும் ரூ. 4,000. அட்வான்ஸ் ரூ. 1,000. மொத்தம் ரூ. 6,666. பள்ளி வேலை நாளை மட்டும் எண்ணியும் கணக்கிடலாம். ஆனால் காலாண்டு விடுமுறையைச் சேர்ப்பதா விடுவதா என்ற பேச்சிலேயே நாள் போகும். மாதக் கட்டணம் மாதத்துக்கானது என்பதால் நாள்காட்டிக் கணக்கே தகராறு குறைந்தது. ஓடிய மூன்று மாதப் பணத்தையும் கேட்டால் கோரிக்கை பலவீனமாகும். அந்த நாள்களில் குழந்தை பள்ளிக்குப் போய் வந்திருக்கிறாள். பயன்படுத்தாத பகுதியை மட்டும், வரிவரியாகக் கணக்குக் காட்டி, எந்தக் கணக்கில் எந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்று எழுதுவதே வசூலாகும் வழி.

எத்தனை நாள் தவணை கொடுப்பது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. குறைபாடுள்ள சேவையை நிறுத்தி, அதற்கு வாங்கிய பணத்தை ரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படிக் குறிப்பு இல்லையென்றால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அதன் 2(47) பிரிவு சொல்கிறது. எனவே 15 நாள் கேட்டு எழுதலாம். 30 நாள் தாண்டிவிட்டால் சட்டத்தின் சொல்லையே சுட்டிக்காட்டலாம்.

பலர் தவறுவது இந்த இடத்தில்தான்: "பணம் தராவிட்டால் ஆர்.டி.ஓ.விடம் புகார் கொடுப்பேன்" என்று அதே கடிதத்தில் எழுதிவிடுகிறார்கள். அப்போது பாதுகாப்புப் புகார் பேரம் பேசும் கருவியாகத் தெரிகிறது; மிரட்டிப் பணம் கேட்டதாக உரிமையாளர் திருப்பவும் இடம் கொடுக்கிறது. புகாரைத் தனியாக, பணத்தோடு முடிச்சுப் போடாமல் கொடுக்க வேண்டும். வண்டி எண்ணும் தேதியும் நேரமும் இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிக்க முடியும். வண்டி ஓட்டும்போது கையில் போன் பிடித்துப் பேசுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகவே 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது; முதல் குற்றத்துக்கே ரூ. 1,000 முதல் ரூ. 5,000 வரை அபராதம் அல்லது சிறை. பள்ளிக்கும் ஒரு நகல் போவது நல்லது. அதே வேனில் இன்னும் பல குழந்தைகள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் விதிகள் துயரத்துக்குப் பிறகே வந்திருக்கின்றன: 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் பிறந்தன.

கடிதத்தை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினால் போதாது. பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. எனவே விரைவுத் தபாலில் ஒப்புகையோடு அனுப்பி, ரசீதைக் கடித நகலோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும். உரிமையாளர் பாதித் தொகையோடு வந்து, "இனி எந்தப் புகாரும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்கக்கூடும். இவ்வளவு பணம் பெற்றுக்கொண்டதாக மட்டும் கையெழுத்திடலாம். ஓட்டுநர் செய்ததைப் பற்றிய வாக்குமூலம் விற்பனைக்கு அல்ல.

பணம் வரவில்லை என்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். செலுத்திய தொகை ரூ. 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.