34 ஸ்லைடு, ஒரு பக்கம்

சாஃப்ட்வேரை ஒரேயடியாக விற்றுக் காசு வாங்கிய காலம் போய், மாதச் சந்தாவுக்கும் வருடச் சந்தாவுக்கும் கொடுக்கும் காலம் இது. 1996-இல் தொடங்கிய ஸோஹோ, சென்னையில் 2010-இல் தொடங்கி 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போன ஃப்ரெஷ்வொர்க்ஸ் போன்ற கம்பெனிகள் இந்த வழியில்தான் வளர்ந்தன. சந்தா வியாபாரத்தில் விற்ற நாளோடு வேலை முடிவதில்லை. வாங்கியவர் அடுத்த வருடமும் புதுப்பிக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளவே ‘கஸ்டமர் சக்சஸ்’ என்று தனிப் பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவினர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாடிக்கையாளரை உட்காரவைத்துக் காட்டும் ஸ்லைடுத் தொகுப்புக்கு ‘டெக்’ என்று பெயர். எத்தனை பேர் லாகின் செய்தார்கள், எந்த வசதியை எவ்வளவு பயன்படுத்தினார்கள், என்ன மாறியது, அடுத்து என்ன வரப்போகிறது எல்லாம் அதில் இருக்கும்.

கூட்டம் முடிந்ததும் மார்க்கெட்டிங் பிரிவிலிருந்து ஒருவர் வருவார். “இந்த டெக்கை ஒரு கேஸ் ஸ்டடியா மாத்திக் குடுங்க, ஒரு பக்கம் போதும்” என்பார். கேட்கச் சின்ன வேலை. பெரும்பாலும் 34 ஸ்லைடுகளின் தலைப்புகளை வரிசையாகக் கோத்து, நடுவில் ஒரு பெரிய சதவீதத்தைப் பச்சை நிறத்தில் வைத்து முடித்துவிடுவார்கள். அப்படிச் செய்ததை வெளியாள் படித்தால் ஒன்றும் ஒட்டாது. டெக்கைப் பார்ப்பவருக்குத் தன் கம்பெனியின் கதை முன்பே தெரியும், கேஸ் ஸ்டடியைப் படிப்பவருக்கு எதுவுமே தெரியாது. அவர் தெரிந்துகொள்ள விரும்புவது மூன்றே விஷயம்: என்ன சிக்கல், என்ன செய்தார்கள், அதனால் எவ்வளவு மாறியது.

ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்துப் பார்ப்போம். கோவையில் ஏசி, வாட்டர் ப்யூரிஃபையர் பழுது பார்க்கும் சர்வீஸ் நிறுவனம், 40 டெக்னீஷியன்கள். புகார்களைப் பதிந்து ஆளை அனுப்பும் சாஃப்ட்வேர் ஒன்றை ஒரு ஜூன் மாதம் வாங்கினார்கள். அடுத்த மே முடிந்ததும் டெக் தயாராகிறது. அதன் 19-ஆம் ஸ்லைடில் பெரிய எழுத்தில் ஒரு வரி: ‘புகார் தீரும் நேரம் 62% குறைந்தது’.

எழுதத் தொடங்க வேண்டியது இந்த வரியிலிருந்துதான். படிப்பவர் சிக்கலை முதலில் படிப்பார் என்றாலும், எழுதுபவர் முடிவை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். நிற்காத எண்ணுக்கு முன்னால் எவ்வளவு அழகான சிக்கலை எழுதிவைத்தாலும் வீண். 62-க்கு அடியில் பொடி எழுத்தில் விளக்கம் இருக்கிறது: சாஃப்ட்வேர் வருவதற்கு முந்தைய மே மாதத்தில் சராசரியாக 26 மணி நேரம், அடுத்து வந்த நவம்பரில் 10 மணி நேரம். 26-இல் 16 குறைந்தால் 62% என்பது கணக்குப்படி சரி. ஆனால் மே மாதம் கோவையில் ஏசி எப்படி ஓடும், நவம்பரில் எப்படி ஓடும்? மே மாதத்தில் வந்த புகார்கள் 1,900, நவம்பரில் 700. சாஃப்ட்வேரே இல்லாமல் இருந்தாலும் நவம்பரில் நேரம் குறைந்திருக்கும். ஆக, மே மாதத்தை அடுத்த மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். டெக்கின் பின்னிணைப்பில் அந்த எண்ணும் இருந்தது, 17 மணி நேரம். 26 மணி நேரம் 17 ஆனால் குறைவு 35%. பாதிக்குப் பாதி இளைத்துப்போன எண் என்றாலும் இதை யாராலும் அசைக்க முடியாது.

அடுத்த கேள்வி, அந்த ஒரு வருடத்தில் வேறு என்ன மாறியது? விசாரித்தால் புதிதாக நான்கு டெக்னீஷியன்களைச் சேர்த்திருக்கிறார்கள். அப்படியென்றால் நேரம் குறைந்தது சாஃப்ட்வேராலா, ஆள் கூடியதாலா? இந்த இடத்தில் பலர் ஆள் கூடியதையே எழுதாமல் விட்டுவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்பதே நல்லது. முந்தைய மே மாதத்தில் 40 பேருக்கு 1,900 புகார், ஆளுக்கு 47-க்குச் சற்று மேல். அடுத்த மே மாதத்தில் 44 பேருக்கு 2,050, ஆளுக்கு 46-க்குச் சற்று மேல். ஒருவர் தலையில் விழுந்த சுமை ஏறக்குறைய அதேதான். ஆள் கூடியதைச் சொல்லிவிட்டு இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்தால், வாசகருக்கு எழ வேண்டிய சந்தேகத்துக்கு அவர் கேட்கும் முன்பே பதில் கிடைத்துவிடுகிறது. மறைத்திருந்தால் கிடைக்காத பலம் இது. இதற்குப் பிறகும் நேரம் குறைந்ததற்குச் சாஃப்ட்வேர் ஒன்றே காரணம் என்று எழுத முடியாது. ‘புதிய முறைக்கு மாறிய ஒரு வருடத்தில்’ என்று எழுதலாம், அதற்குமேல் போகக் கூடாது.

மூன்றாவது, இரண்டு எண்களும் ஒரே மாதிரி அளக்கப்பட்டவையா என்பது. பழைய 26 மணி நேரம் நோட்டுப் புத்தகத்திலிருந்து வந்தது. முடிந்த நேரத்தில் சிக்கல் இல்லை, வீட்டுக்காரர் கையெழுத்துப் போடும் ஜாப் ஷீட்டில் நேரமும் எழுதப்பட்டிருந்தது. தொடங்கிய நேரத்தில்தான் ஓட்டை. வாட்ஸ்அப்பில் காலை வந்த புகாரை மதியம் நோட்டில் எழுதினால் மதியத்திலிருந்துதான் கணக்கு. சாஃப்ட்வேரிலோ செய்தி வந்த நொடியிலிருந்து கணக்கு ஓடுகிறது. அப்படியானால் பழைய காத்திருப்பு உண்மையில் 26-க்கும் மேல். இந்த ஓட்டை நமக்கு எதிராக இல்லை, சாதகமாகத்தான் இருக்கிறது. அதனால் 35%-ஐத் தயங்காமல் எழுதலாம். ஓட்டை மறுபக்கம் இருந்திருந்தால் அந்த எண்ணையே விட்டுவிட வேண்டியதுதான்.

டெக்கில் இன்னொரு எண்ணும் மினுங்குகிறது: ‘திரும்பத் திரும்ப வரும் புகார்கள் 31% குறைந்தன’. பிரித்துப் பார்த்தால், சரிசெய்த ஏழு நாளுக்குள் அதே மிஷினுக்கு மறுபடி புகார் வந்தது முன்பு நூற்றுக்கு 16, இப்போது 11. 31% என்பது தப்பில்லை, ஆனால் படிப்பவர் மனதில் வேறொரு படம் விழும். ‘நூற்றுக்கு 16 ஆக இருந்தது 11 ஆனது’ என்று எழுதினால் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

எண் கைக்கு வந்தபின் சிக்கலுக்கு வரலாம். 3-ஆம் ஸ்லைடில் ‘சவால்: ஒருங்கிணைந்த டிஜிட்டல் தளம் இல்லாமை’ என்று இருக்கும். எந்தக் கம்பெனி டெக்கை எடுத்தாலும் இதே வரிதான். நம் பொருள் இல்லாததே அவர்களுடைய சிக்கல் என்று சொல்வது நம் விளம்பரம், அவர்களுடைய கஷ்டமில்லை. அந்தக் கஷ்டம் டெக்கில் கிடைக்காது. போனை எடுத்து, அங்கே சர்வீஸைப் பார்த்துக்கொள்ளும் மேலாளரிடம் அரை மணி நேரம் பேச வேண்டும். “சாஃப்ட்வேர் எப்படி இருக்குங்க சார்?” என்று கேட்டால் “நல்லா இருக்குங்க” என்பார், அதோடு சரி. “போன வருஷம் மே மாசத்துல ஒரு திங்கக்கிழமை காலைல ஆபீஸ் எப்படி இருக்கும்ங்க?” என்று கேட்டால்தான் வாய் திறப்பார். “அதையேன் கேக்கறீங்க. ஒரே வீட்டுக்காரரு போன்லயும் சொல்லுவாரு, வாட்ஸ்அப்லயும் போடுவாரு, வாங்குன கடையிலயும் சொல்லிட்டுப் போவாரு. மூணும் தனித்தனியாப் பதிவாயிரும். ஒரு வீட்டுக்கு ரெண்டு பேரு போய் நிப்பாங்க, இன்னொரு வீட்டுக்கு யாருமே போயிருக்க மாட்டாங்க” என்பார். சிக்கல் என்ற பகுதி இதுதான், இதைத்தான் எழுத வேண்டும். இரட்டைப் பயணம் எத்தனை நடந்தது என்று அவர்கள் எண்ணி வைக்கவில்லை. ஆகவே அதற்கு எண் தேடக் கூடாது, அவர் சொன்னபடி அவர் வாய்ச்சொல்லாகவே போக வேண்டும்.

அணுகுமுறை என்ற பகுதியில்தான் அதிகம் வழுக்கும். டெக்கில் இதற்கு ஏழெட்டு ஸ்லைடு இருக்கும், சாஃப்ட்வேரின் வசதிகள் எல்லாம் அடுக்கியிருப்பார்கள். வாசகருக்கு வேண்டியது அவர்கள் எடுத்த முடிவுகள். நம் கம்பெனியில் நடந்தது இது. மூன்று வழியாக வரும் புகார்களையும் போன் நம்பரை வைத்து ஒன்றாக்கினார்கள். முதலில் ஒரே ஒரு ஏரியாவில் ஓட்டிப் பார்த்தார்கள். அங்கே ஒரு கோளாறு தெரிந்தது. டெக்னீஷியன்கள் நாள் முழுக்க வேலையைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து எல்லாப் புகாரையும் மொத்தமாக ‘முடிந்தது’ என்று தட்டிவிட்டார்கள். திரையில் எல்லா வேலையும் ஆறரை மணிக்கு முடிந்ததாகக் காட்டியது. அதன்பின் வீட்டுக்காரர் போனுக்கு வரும் ஓடிபியைச் சொன்னால்தான் புகார் மூடும் என்று மாற்றினார்கள். பிறகே மற்ற ஏரியாக்களுக்குக் கொண்டுபோனார்கள். இந்தத் தடுமாற்றத்தை வெட்டிவிடச் சொல்லி விற்பனைப் பிரிவு கேட்கும். வெட்டக் கூடாது. இதே தொழிலில் இருக்கும் இன்னொருவர் படிக்கும்போது, இது நிஜமாக நடந்தது என்று நம்புவது இந்த வரியில்தான். அதோடு, முடிவில் வரும் 17 மணி நேரத்தை நம்பலாம் என்பதற்கும் அந்த ஓடிபிதான் சாட்சி.

இத்தனைக்கும் பிறகு எழுதப்படும் கேஸ் ஸ்டடி இவ்வளவுதான்:

‘மே மாத நெரிசல்: 26 மணி நேரக் காத்திருப்பு 17 ஆனது. கோவையில் ஏசி, வாட்டர் ப்யூரிஃபையர் சர்வீஸ் செய்யும் இந்த நிறுவனத்துக்குப் புகார்கள் போன், வாட்ஸ்அப், கடை என மூன்று வழியாக வந்தன. ஒரே புகார் மூன்று முறை பதிவாகி, ஒரு வீட்டுக்கு இருவர் போவதும் இன்னொரு வீட்டுக்கு யாரும் போகாததும் நடந்தது. போன் நம்பரை வைத்துப் புகார்களை ஒன்றாக்கி, முதலில் ஒரு ஏரியாவில் மட்டும் புதிய முறையை ஓட்டினார்கள். வேலைகள் மாலையில் மொத்தமாக மூடப்படுவது தெரிந்ததும், வீட்டுக்காரரின் ஓடிபி இல்லாமல் புகார் மூடாது என்று மாற்றினார்கள். மாறிய ஒரு வருடத்தில், மே மாதத்தோடு மே மாதத்தை ஒப்பிட்டால், புகார் தீரும் சராசரி நேரம் 35% குறைந்தது. ஏழு நாளுக்குள் திரும்பி வந்த புகார்கள் நூற்றுக்கு 16 ஆக இருந்து 11 ஆயின. இதே காலத்தில் டெக்னீஷியன்கள் 40-இலிருந்து 44 ஆனார்கள், ஆனால் ஆளுக்கு வந்த புகார் ஏறக்குறைய அதேதான்.’

லாகின் எண்ணிக்கை, திருப்திப் புள்ளி, வரப்போகும் வசதிகள் எதுவும் இதில் இல்லை. அவை டெக்கிலேயே இருக்கட்டும்.

அனுமதி பற்றியும் சொல்ல வேண்டும். டெக்கில் வாடிக்கையாளரின் லோகோ இருப்பதால் அதை ஊருக்குக் காட்டலாம் என்று ஆகாது. அவர்களோடு நடந்த தனிப் பேச்சில் காட்டிய எண்கள் அவை. பெயர், எண், மேலாளர் சொன்ன வாசகம் மூன்றுக்கும் தனித்தனியாக எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். மேலே உள்ள கேஸ் ஸ்டடியில் மொத்தப் புகார் எண்ணிக்கை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எத்தனை புகார் வருகிறது என்பது போட்டிக் கம்பெனி தெரிந்துகொள்ள ஆசைப்படும் விஷயம், சம்மதம் கேட்கும்போது முதலில் மறுக்கப்படுவதும் அதுதான். சந்தா புதுப்பிக்கும் பேரம் நடக்கும் வாரத்தில் இந்தச் சம்மதத்தைக் கேட்டால், அதற்கும் சேர்த்துத் தள்ளுபடி கேட்பார்கள்.

கணக்குத் தாளைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுவான ஆஸ்கியின் விதிப்படி, சரிபார்க்கக்கூடிய தகவலாக விளம்பரத்தில் சொல்லும் எதற்கும் கேட்டால் ஆதாரம் காட்ட முடிய வேண்டும். எந்த மாதம், எந்த ரிப்போர்ட், எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்று அரைப் பக்கம் எழுதி, கேஸ் ஸ்டடி இருக்கும் அதே ஃபோல்டரில் வைத்தால் போதும். எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்ட பிறகு, 35% எங்கிருந்து வந்தது என்று ஒரு புது வாடிக்கையாளர் கேட்டால், அன்றைக்கு விற்பனைப் பிரிவில் இருப்பவர் திறக்க வேண்டிய ஃபைல் அதுதான்.